பதினெட்டு அட்டையிலும் ஒரே பிழை: நெரிசலான டைம்லைனை நெஸ்ட் போட்டு மடிப்பது எப்படி?

ஒரு பள்ளியின் ஆண்டு விழா வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தேன். மொத்தம் 18 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆறு விநாடி ஒரு தலைப்பு அட்டை வரும். பின்னணியில் மினுங்கும் துகள் வீடியோ, அதன்மேல் லேசான கறுப்புப் படலம், பள்ளிச் சின்னம், பள்ளிப் பெயர், அடியில் ஒரு தங்கநிறக் கோடு, கூடவே சின்னதாக ஒரு மணிச் சத்தம். இவற்றுக்கெல்லாம் மேலே நிகழ்ச்சியின் பெயர்: "கரகாட்டம், 7 ஆம் வகுப்பு" என்பதுபோல.

முதல் அட்டையை அழகாகச் செய்து முடித்தேன். பிறகு எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: மொத்தமாகக் காப்பி எடுத்து 17 இடத்தில் பேஸ்ட் செய்து, நிகழ்ச்சிப் பெயரை மட்டும் மாற்றினேன். பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியதும் அந்தப் பள்ளியின் தமிழாசிரியை போன் செய்தார். "தம்பி, மேல்நிலை பள்ளின்னு போட்டிருக்கீங்க. நடுவுல ப் எங்கப்பா?"

ஒற்று விட்டுப்போனது ஒரு இடத்தில் அல்ல, 18 இடத்தில். ஒவ்வொரு அட்டையாகப் போய், ஆறு அடுக்குக்கு நடுவில் பள்ளிப் பெயர் எது என்று தேடித் திருத்தினேன். மறுபடி அனுப்பினேன். மறுபடி போன். பதினோராவது அட்டையை விட்டிருந்தேன்.

அந்த டைம்லைனை நெஸ்ட் போட்டு எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்பதை அதே வேலையை வைத்தே சொல்கிறேன். படிகள் அடோபி பிரீமியர் ப்ரோவுக்கானவை. ஃபைனல் கட் ப்ரோவிலும் டாவின்சி ரிசால்விலும் இதையே காம்பவுண்ட் கிளிப் என்பார்கள். அவற்றில் எங்கே வித்தியாசப்படும் என்பது பின்னால் வருகிறது.

## நெஸ்ட் என்றால் என்ன நடக்கிறது?

டைம்லைனில் சில கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து நெஸ்ட் செய்தால், அவை எல்லாம் ஒரு புது சீக்வென்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவை இருந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரே ஒரு கிளிப் நிற்கும். அதை வெட்டலாம், நகர்த்தலாம், எஃபெக்ட் போடலாம், சாதாரணக் கிளிப் மாதிரியே நடந்துகொள்ளும். இரண்டு முறை கிளிக் செய்தால் உள்ளே இருப்பது தனி டேபில் திறக்கும்.

இதில் புதிதாக வருபவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. டைம்லைனில் நிற்கும் பச்சைக் கிளிப் அசல் அல்ல, ஒரு சன்னல் மாதிரி. அசல் சீக்வென்ஸ் ப்ராஜெக்ட் பேனலில் இருக்கிறது. பச்சைக் கிளிப்பை டைம்லைனில் பத்து இடத்தில் காப்பி செய்தால் பத்துச் சன்னல்கள் கிடைக்கும். எல்லாவற்றிலும் தெரிவது ஒரே அறைதான். அறைக்குள் ஒரு எழுத்தை மாற்றினால் பத்திலும் மாறும். வரமும் இதுதான், தொல்லையும் இதுதான்.

என் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை முழுவதையும் ஒரே நெஸ்ட் ஆக்கி 18 இடத்தில் ஒட்டினால், இரண்டாவது அட்டையைத் திறந்து "சிலம்பம்" என்று மாற்றியதும் எல்லா அட்டையிலும் சிலம்பம் வந்துவிடும். நெஸ்ட்டை முதன்முதலில் தொடுபவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இதுவே. சுட்டுக்கொண்டு "இது சரிப்பட்டு வராது" என்று மறுபடி காப்பி பேஸ்ட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே நெஸ்ட் போடும் முன் எது எல்லா இடத்திலும் ஒன்று, எது இடத்துக்கு இடம் மாறும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். என் அட்டையில் பின்னணி, படலம், சின்னம், பள்ளிப் பெயர், கோடு, மணிச் சத்தம் ஆறும் எப்போதும் ஒன்று. நிகழ்ச்சிப் பெயர் மட்டும் மாறும். அதனால் அட்டை இரண்டு அடுக்கு நெஸ்ட்டாக வர வேண்டும்:

```
MAIN
 ├─ CARD_01
 │    ├─ நிகழ்ச்சிப் பெயர் (இதற்கு மட்டும்)
 │    └─ CARD_BASE
 ├─ CARD_02
 │    ├─ நிகழ்ச்சிப் பெயர்
 │    └─ CARD_BASE
 └─ ... CARD_18 வரை
```

`CARD_BASE` ஒன்றே ஒன்று. அதைத் தாங்கும் மேல்கூடுகள் 18. ஒற்றுப் பிழை அடியில் இருந்தால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். நிகழ்ச்சிப் பெயரில் பிழை என்றால் அந்தக் கூட்டுக்குள் மட்டும் போனால் போதும்.

பெயர் எழுத்தை நெஸ்ட்டுக்கு வெளியே, பிரதான டைம்லைனிலேயே மேல் ட்ராக்கில் வைத்தால் என்ன, இரண்டாவது அடுக்கு எதற்கு என்று கேட்கலாம். வைக்கலாம், வேலை நடக்கும். ஆனால் அட்டை முடியும்போது கரைந்து மறைய வேண்டும் என்றால் அட்டைக்கு ஒரு டிசால்வ், எழுத்துக்கு ஒரு டிசால்வ் என்று இரண்டு போட வேண்டும். அட்டையைத் தள்ளி வைக்கும்போது எழுத்தையும் சேர்த்துப் பிடிக்க மறந்தால், கரகாட்டம் என்ற எழுத்து தலைமையாசிரியர் முகத்தின்மேல் மிதக்கும். கூட்டுக்குள் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகவே போகும், ஒன்றாகவே கரையும்.

## அடி அட்டையைக் கட்டுவது

என் பிரதான சீக்வென்ஸ் 1920×1080, விநாடிக்கு 25 ஃபிரேம். அதன் கடைசியில், எல்லாக் கிளிப்பும் முடிந்தபிறகு வரும் காலி இடத்தில் அட்டையைக் கட்டுங்கள். பிரதான சீக்வென்ஸுக்குள்ளேயே கட்டி நெஸ்ட் செய்தால் நெஸ்ட்டுக்கும் அதே அளவும் ஃபிரேம் எண்ணிக்கையும் தானாக வந்துவிடும். பின்னணி வீடியோவின்மேல் ரைட் கிளிக் செய்து `New Sequence From Clip` கொடுத்தால், அந்த வீடியோ 4கே, 30 ஃபிரேமில் இருந்தால் புது சீக்வென்ஸும் அப்படியே பிறக்கும். பிறகு பிரதான டைம்லைனில் போடும்போது அளவு பொருந்தாமல் சின்னமெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும்.

அட்டை திரையில் வரப்போவது ஆறு விநாடி. ஆனால் ஆறு விநாடிக்குக் கட்டாதீர்கள். 15 விநாடிக்குக் கட்டுங்கள். முதல் ஒரு விநாடி எந்த அசைவும் இல்லாமல் பின்னணி மட்டும் ஓடட்டும். சின்னம் மேலெழுந்து வருவது, கோடு நீள்வது, மணிச் சத்தம் எல்லாம் ஒரு விநாடிக்குப் பிறகு தொடங்கட்டும். அதன்பின் கடைசி வரை எல்லாம் நின்ற இடத்தில் நிற்கட்டும். வெளியேறும் அசைவை உள்ளே வைக்க வேண்டாம்; அதை டிசால்வ் பார்த்துக்கொள்ளும்.

இந்த மிச்சம் எதற்கு என்றால், டிசால்வ் போட கிளிப்பின் வெட்டுக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் படம் இருக்க வேண்டும். சரியாக ஆறு விநாடிக்கு நெஸ்ட் கட்டினால் அதன் ஓரத்துக்கு அப்பால் ஒன்றுமே கிடையாது. டிசால்வை இழுத்துப் போட்டதும் பிரீமியர் `Insufficient media. This transition will contain repeated frames.` என்று எச்சரிக்கும். சரி என்று தட்டிவிட்டால், துகள்கள் ஓடிக்கொண்டே இருந்து கடைசி அரை விநாடி சட்டென உறைந்து நிற்கும். சின்னத் திரையில் தெரியாது. மண்டபத்தில் புரொஜெக்டரில் போட்டால் நன்றாகத் தெரியும்.

கட்டி முடித்ததும் வீடியோ அடுக்கு ஐந்தையும் மணிச் சத்தத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், `Nest...`. பெயர் கேட்கும். அதுவே `Nested Sequence 01` என்று ஒரு பெயரைப் போட்டு வைத்திருக்கும். அப்படியே எண்டர் தட்டிவிடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து ப்ராஜெக்ட்டைத் திறந்தால் `Nested Sequence 14` என்ன என்று யாருக்கும் நினைவிருக்காது. `CARD_BASE` என்று கொடுங்கள். ப்ராஜெக்ட் பேனலில் நெஸ்ட்டுகளுக்கென்று `Bin` எனப்படும் கோப்புறை ஒன்றைத் திறந்து அதில் போட்டு வையுங்கள்.

மணிச் சத்தத்தை உள்ளே வைக்கச் சொன்னேன். அது அட்டையோடு பிறந்து அட்டையோடு முடியும் சத்தம். அட்டைக்கு முன்பே தொடங்கி அடுத்த நடனம் வரை ஓடும் பின்னணி இசை இருந்தால் அதை வெளியிலேயே விடுங்கள். உள்ளே போட்டால் அட்டையின் ஓரத்தில் இசை கத்தரித்த மாதிரி நிற்கும்.

## மேல்கூடும் அதன் நகல்களும்

இப்போது காலி இடத்தில் `CARD_BASE` ஒற்றைக் கிளிப்பாக நிற்கிறது. அதற்கு மேல் ட்ராக்கில் நிகழ்ச்சிப் பெயரை எழுதுங்கள். அதையும் 15 விநாடிக்கு நீட்டுங்கள். இரண்டையும் சேர்த்து, சத்தத்தையும் விடாமல் தேர்ந்தெடுத்து, மறுபடி `Nest...` கொடுத்து `CARD_01` என்று பெயரிடுங்கள்.

அடுத்த படியில்தான் கவனம் வேண்டும். `CARD_01`ஐ டைம்லைனில் காப்பி செய்யக் கூடாது. ப்ராஜெக்ட் பேனலுக்குப் போய் அங்கே அதைத் தேர்ந்தெடுத்து `Edit > Duplicate` கொடுங்கள்; விண்டோஸில் Ctrl+Shift+/ போதும். டைம்லைனில் காப்பி செய்தால் இன்னொரு சன்னல்தான் கிடைக்கும். ப்ராஜெக்ட் பேனலில் நகல் எடுத்தால் புது அறையே கிடைக்கும். `Copy` என்று வாலோடு வரும் பெயரை `CARD_02` என்று மாற்றுங்கள். இப்படியே 18 வரை.

நகல் எடுக்கும்போது பிரீமியர் மேல்கூட்டை மட்டும்தான் நகலெடுக்கிறது. உள்ளே இருக்கும் `CARD_BASE` நகலாவதில்லை. 18 கூடுகளும் அதே ஒரு அடி அட்டையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் எழுத்துக் கிளிப் ஒவ்வொரு கூட்டிலும் தனித்தனி. நமக்கு வேண்டியது அச்சாக இதுவே. ஒரே விதிவிலக்கு: எழுத்துக் கிளிப்பை எப்போதாவது `Upgrade to Source Graphic` செய்திருந்தால் அது ப்ராஜெக்ட் பேனலுக்குப் போய்ப் பொதுச் சொத்தாகிவிடும், நகல்களில் ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். அட்டைக்கு அதைச் செய்யாதீர்கள்.

மேற்கொண்டு போகும் முன் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். `CARD_02`ஐத் திறந்து பெயரை "சிலம்பம்" என்று மாற்றுங்கள். பிறகு `CARD_01`ஐப் பாருங்கள். அங்கே இன்னும் கரகாட்டம் இருந்தால் எல்லாம் சரி. அடுத்து `CARD_BASE`ஐத் திறந்து கோட்டின் நிறத்தைச் சிவப்பாக்கிப் பாருங்கள். இரண்டு அட்டையிலும் சிவப்பானால் கட்டுமானம் சரியாக நிற்கிறது. நிறத்தைப் பழையபடி மாற்றிவிட்டு மீதிப் பெயர்களை எழுதுங்கள். 18 பெயரையும் எழுதி முடித்தபிறகு இந்தச் சோதனையைச் செய்து தப்பு தெரிந்தால் அழுகைதான் வரும்.

இப்போது பிரதான டைம்லைனுக்கு வந்து ஒவ்வொரு அட்டையையும் அதனதன் இடத்தில் இழுத்துப் போடலாம். இழுக்கும் முன் டைம்லைனின் இடது மேல்மூலையில், நேரம் காட்டும் எண்ணுக்குக் கீழே இருக்கும் சின்னப் பொத்தான்களில் முதலாவதைப் பாருங்கள். மவுஸை வைத்தால் `Insert and overwrite sequences as nests or individual clips` என்று காட்டும். அது நீல நிறத்தில் எரிய வேண்டும். அணைந்திருந்தால் அட்டை ஒரே கிளிப்பாக வராமல், உள்ளே இருப்பவை பிரிந்து விழும். "நெஸ்ட் போட்டேன், ஆனா உடைஞ்சு உடைஞ்சு வருது" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்தப் பொத்தான்தான் காரணம்.

போட்டபிறகு முன்பக்கம் ஒரு விநாடியும், பின்பக்கம் ஏழாவது விநாடிக்குமேல் இருப்பதையும் வெட்டிவிடுங்கள். ஆறு விநாடி மிஞ்சும். இரண்டு ஓரத்திலும் டிசால்வ் போடுங்கள். இனி உறையாது.

கணக்குப் பார்த்தால், பழைய டைம்லைனில் அட்டை ஒவ்வொன்றுக்கும் ஐந்து வீடியோ அடுக்கு, ஒரு சத்தம், ஒரு பெயர், ஆக ஏழு கிளிப். 18 அட்டைக்கு 126. இப்போது 18. ஆறு வீடியோ ட்ராக் உயரத்துக்கு நின்ற டைம்லைன் இரண்டு ட்ராக்கில் அடங்கிவிட்டது. நடனத்தின் வெட்டுகளைப் பார்க்க மேலும் கீழும் உருட்ட வேண்டியதில்லை.

ஒற்றுப் பிழை? `CARD_BASE`ஐ இரண்டு முறை கிளிக், பள்ளிப் பெயரில் ஒரு ப், அவ்வளவுதான். பதினோராவதை விடுவதற்கு வழியே இல்லை.

## ஒன்று மட்டும் வேறாக வேண்டுமென்றால்

சிறப்பு விருந்தினர் உரைக்கு முன்னால் வரும் அட்டை மட்டும் பின்னணி கருநீலமாக இருக்கட்டும் என்றார்கள். அடியைத் தொட்டால் எல்லாம் நீலமாகிவிடும். அதனால் ப்ராஜெக்ட் பேனலில் `CARD_BASE`ஐ நகலெடுத்து `CARD_BASE_GUEST` என்று பெயரிட்டு, அதில் பின்னணியை மாற்றினேன். பிறகு விருந்தினர் அட்டையின் கூட்டைத் திறந்து, Alt விசையை அழுத்திப் பிடித்தபடி `CARD_BASE_GUEST`ஐப் பழைய அடியின் மேலேயே இழுத்து விட்டேன். இடம், நீளம், போட்டிருந்த எஃபெக்ட் எதுவும் மாறாமல் உள்ளே இருப்பது மட்டும் மாறிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இனி பள்ளிப் பெயரில் மாற்றம் வந்தால் இரண்டு அடியிலும் திருத்த வேண்டும். இரண்டு என்றால் சமாளிக்கலாம். அடிகள் ஐந்தாறு ஆகும்போது மறுபடி பழைய காப்பி பேஸ்ட் உலகத்துக்கே வந்துவிட்டோம் என்று பொருள்.

## எங்கெல்லாம் கடிக்கும்?

நீளம்தான் முதல் தொல்லை. நெஸ்ட்டுக்குள் கிளிப்பை நீட்டினால் வெளியே நிற்கும் பச்சைக் கிளிப் தானாக நீளாது. அதன் ஓரத்தைப் பிடித்து நீங்கள்தான் இழுக்க வேண்டும். உள்ளே குறைத்தால் வெளியே நீளம் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத பகுதியில் சாய்வுக் கோடுகள் தெரியும். ஓட்டினால் கறுப்புத் திரை, சத்தமும் இருக்காது. இரண்டடுக்கில் இது இன்னும் மோசம். அடியை நீட்டினால் 18 கூட்டுக்குள்ளும் போய் ஓரத்தை இழுக்க வேண்டும். ஆகவே எழுத்து, நிறம், படம் ஆகியவற்றுக்கு ஒரு இடத்தில் திருத்தினால் போதும். நீளத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. 15 விநாடிக்குக் கட்டச் சொன்னதன் இன்னொரு காரணம் இதுதான். அட்டை ஒன்பது விநாடி நிற்கட்டும் என்று கேட்டால் பிரதான டைம்லைனில் ஓரத்தை இழுத்தால் போதும், உள்ளே போகவே வேண்டாம்.

இரண்டாவது, மங்கல். விளக்கேற்றும் புகைப்படம் ஒன்று, 6000×4000 பிக்சல். அதை ஒரு நெஸ்ட்டுக்குள் திரைக்குப் பொருந்தச் சிறிதாக்கி வைத்துவிட்டு, வெளியே பச்சைக் கிளிப்புக்கு ஸ்கேல் 200 கொடுத்து முகத்தை நெருக்கினேன். முகம் பொதபொதவென்று இருந்தது. பெரிய புகைப்படம்தானே, ஏன் இப்படி என்று முதலில் புரியவில்லை. நெஸ்ட் 1920×1080 சட்டம். உள்ளே எவ்வளவு பெரிய படம் இருந்தாலும் அந்தச் சட்டத்துக்குள் தெரிவதுதான் வெளியே வரும். வெளியே பெரிதாக்கும்போது அந்த 1920 பிக்சல்தான் இழுபடுகிறது, 6000 அல்ல. ஜூம் செய்வதென்றால் நெஸ்ட்டுக்குள்ளே போய்ப் புகைப்படத்திலேயே செய்யுங்கள். படம் பளிச்சென்று வரும். இது 4கே வீடியோவுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, எந்த அறையில் நிற்கிறோம் என்று மறந்துபோவது. நெஸ்ட்டைத் திறந்தால் டைம்லைனில் இன்னொரு டேப் சேர்ந்துவிடும். அங்கே எதையோ திருத்திவிட்டு அந்த நினைப்பிலேயே எக்ஸ்போர்ட் கொடுத்தால், எந்த டேப் திறந்திருக்கிறதோ அதுவே எக்ஸ்போர்ட் ஆகும். நான் ஒருமுறை முழு விழா என்று நினைத்து பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தது `CARD_07`. 15 விநாடி ஓடி நின்றது. எக்ஸ்போர்ட் திரையில் கால அளவைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் அதைப் பார்க்காமல் பொத்தானைத் தொடுவதில்லை.

எதையும் நெஸ்ட் போடலாம் என்பதற்காக எல்லாவற்றையும் போடாதீர்கள். நடனக் காட்சிகளை நான் நெஸ்ட் செய்வதில்லை. இசைக்கு ஏற்ப வெட்டை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்த வேண்டிய இடம் அது. ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வெளியே வருவது எரிச்சல். வேலை முடிந்து இனித் தொடமாட்டோம் என்ற பகுதிக்கும், திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கும் நெஸ்ட் சரி. அடுக்கு இரண்டுக்குமேல் போனால் ஓட்டும்போது கணினி திணற ஆரம்பிக்கும், நமக்கும் தலை சுற்றும்.

நெஸ்ட் போட்டே ஆக வேண்டிய ஒரு இடமும் உண்டு. கை நடுங்கி எடுத்த கிளிப்பை மெதுவாக்கி, கூடவே வார்ப் ஸ்டெபிலைசரும் போட்டால் இரண்டும் ஒரே கிளிப்பில் ஆகாது என்று பிரீமியர் திரைமேலேயே பட்டை காட்டும். வேகத்தை மாற்றிய கிளிப்பை நெஸ்ட் செய்து, ஸ்டெபிலைசரை நெஸ்ட்டின்மேல் போட்டால் ஒத்துக்கொள்ளும்.

## ஃபைனல் கட் ப்ரோவிலும் டாவின்சி ரிசால்விலும்

ஃபைனல் கட்டில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து Option-G தட்டினால் காம்பவுண்ட் கிளிப். பெயர் கேட்கும், எந்த ஈவென்ட்டில் வைக்க வேண்டும் என்றும் கேட்கும். அங்கேயும் அசல் பிரவுசரில்தான் இருக்கும், டைம்லைனில் காப்பி செய்தவை எல்லாம் அதன் சன்னல்களே. ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டுமென்றால் அதைத் தேர்ந்தெடுத்து `Clip > Reference New Parent Clip`. அதற்கென்று தனி அசல் ஒன்று பிரவுசரில் வந்துவிடும். பிரீமியரில் ப்ராஜெக்ட் பேனலுக்குப் போய்ச் செய்த வேலை இங்கே டைம்லைனிலேயே முடிகிறது; எனக்குப் பிடித்த வசதி. காம்பவுண்டைக் கலைக்க Shift-Command-G.

ரிசால்வில் ரைட் கிளிக், `New Compound Clip...`. அதே மெனுவில் `New Fusion Clip...` என்றும் ஒன்று இருக்கும், கை தவறி அதைத் தொட வேண்டாம். அது வேறு வேலைக்கானது. உள்ளே போக ரைட் கிளிக் செய்து `Open in Timeline`. வெளியே வர, டைம்லைனுக்கு அடியில் தெரியும் பெயர்களில் பிரதான டைம்லைனின் பெயரை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். கலைக்க `Decompose in Place`. நான் சொன்ன 18 அட்டைக் கதைக்கு ரிசால்வில் காம்பவுண்டைவிட டைம்லைனே கைகொடுக்கும்: ஒவ்வொரு அட்டையையும் தனி டைம்லைனாக வைத்து, மீடியா பூலில் `Duplicate Timeline` கொடுத்து நகலெடுத்து, பிரதான டைம்லைனுக்குள் இழுத்துப் போட்டால் அதுவும் நெஸ்ட் மாதிரியேதான் நிற்கும்.

## நெஸ்ட்டைக் கலைக்க

பிரீமியரில் நான் கலைக்கும் முறை கொஞ்சம் பழங்காலத்தது. நெஸ்ட்டைத் திறந்து, Ctrl+A, Ctrl+C. பிரதான டைம்லைனுக்குத் திரும்பி, கீழே ஏற்கெனவே கிளிப்புகள் இல்லாத ட்ராக்கை இடப்பக்கத்தில் குறிவைத்துவிட்டு, பிளேஹெட்டைக் கொண்டுபோய் Ctrl+V. குறிவைக்க மறந்தால் கீழே இருக்கும் காட்சியின்மேல் ஒட்டி அதை அழித்துவிடும்.

பிளேஹெட்டை எங்கே வைப்பது என்பதில் ஒரு சூட்சுமம். அட்டையின் முன்பக்கம் ஒரு விநாடியை வெட்டினோம் இல்லையா? பச்சைக் கிளிப் தொடங்கும் இடத்திலேயே ஒட்டினால் எல்லா அசைவும் ஒரு விநாடி தாமதமாக வரும். அந்த இடத்திலிருந்து ஒரு விநாடி, அதாவது 25 ஃபிரேம், இடப்பக்கம் தள்ளிப் போய் ஒட்டிவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வெட்டுங்கள். மணிச் சத்தம் பழைய இடத்திலேயே கேட்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பச்சைக் கிளிப்பை அழியுங்கள்.